இரண்டு வாரிசுச் சான்றிதழ்கள்

துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரின் பின்பக்க மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். முன்பக்கம் விசா, பத்தாக்கா, டெனன்சி வேலைகள். பின்பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களின் சொந்தக்காரர்கள். ஊரிலிருந்து வரும் காகிதங்களை அடுக்கிச் சரிபார்த்து, அரபி மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பி, முத்திரை வாங்கி, நீதிமன்ற விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுப்பது என் வேலை. நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் என்னிடம்தான் அழுவார்கள்.

2023 கடைசியில் ஒரு நாள் காலை, திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அவருடைய அக்கா இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. நர்ஸ். நாற்பத்து நாலு வயது. டியூட்டி முடிந்து ரூமுக்குப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. சோனாப்பூரில் உடலைப் பதப்படுத்தி, தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஊருக்கு அனுப்பி நாற்பது நாள் ஆகியிருந்தது. இனி பணக் காரியம். உறைக்குள் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் இருந்தது. மூன்று பெயர்கள்: அம்மா, தம்பி, தங்கை.

"அக்காவுக்குக் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்டேன்.

"ஆச்சு அண்ணாச்சி. மச்சான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஷார்ஜாவுல அட்டாக்ல போய்ட்டாரு. புள்ளைங்க இல்ல. அதுக்கப்புறம் அக்கா லீவுக்கு வந்தா எங்க வீட்டுலதான் இருப்பா."

"மச்சானோட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. எதுக்குக் கேக்கீங்க?"

எதற்குக் கேட்டேன் என்று சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிள்ளையில்லாத, கணவனும் இல்லாத ஒரு இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்தது யாருக்குப் போகும் என்று கேட்டால், இங்கே என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் "அவ அம்மா அப்பாவுக்கு" என்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 15ஆவது பிரிவு ஒரு வரிசை போடுகிறது. முதலில் மகன், மகள், கணவன். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் கணவனுடைய வாரிசுகள். அவர்களும் இல்லாவிட்டால்தான் அவளுடைய அம்மா அப்பா. பெற்றவர்கள் மூன்றாவது படியில் நிற்கிறார்கள். கணவன் பக்கத்தில் தூரத்து வாரிசு ஒருவர் இருந்தாலும் அந்த மூன்றாவது படிக்கு முறை வராது.

கணவனின் வாரிசுகள் என்றால் யார் என்பதை 16ஆவது பிரிவு விளக்குகிறது. அந்தச் சொத்து கணவனுடையதாக இருந்து, மனைவி இறந்த உடனேயே அவனும் உயில் இல்லாமல் இறந்தது போல வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்த மனிதனை அவள் செத்த நிமிஷத்துக்குப் பிறகு இன்னொரு தடவை சாகடித்துப் பார்க்கிற கணக்கு இது. அப்படிப் பார்த்தால், ஒரு ஆண் இறக்கும்போது முதல் வரிசை வாரிசுகளில் ஒருத்தி அவனுடைய தாய். பெண்டாட்டி பிள்ளை இல்லாத இடத்தில் அவள் மட்டுமே. ஆக, அந்த நர்ஸ் பதினொரு வருஷம் இரவு டியூட்டி பார்த்துச் சேர்த்த பணத்துக்கு இந்தியச் சட்டப்படி முழு வாரிசு அவளுடைய மாமியார்.

தம்பி நம்பவில்லை. "அவங்க மச்சான் செத்ததுக்கு அப்புறம் அக்காகிட்ட ஒரு போன் கூடப் பேசல" என்றார். நாராயணி தேவியின் கதையை அவருக்குச் சொன்னேன். என் மேசைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிற கதைதான்.

நாராயணி தேவிக்கு 1955இல் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் கணவர் தீனதயாள் சர்மா பாம்பு கடித்து இறந்துபோனார். புகுந்த வீட்டார் அவளை உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தாள். பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள். கணவன் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. 1996 ஜூலை 11 அன்று உயில் எழுதாமல் இறந்தாள். வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பெரிய தொகை இருந்தது. தாயார் ராம்கிஷோரி வாரிசுரிமைச் சான்று கேட்டு நீதிமன்றம் போனார். அதே பணத்தைக் கேட்டு இன்னொரு மனுவும் வந்தது. போட்டது யார் தெரியுமா? நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அந்தக் கணவனுடைய சகோதரியின் பிள்ளைகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் என்ற அந்த வழக்கில் 2009 மே மாதம் தீர்ப்பு வந்தது: சட்டம் தெளிவாக இருக்கிறது, அனுதாபத்தை வைத்து அதைத் திருப்ப முடியாது, அவள் சுயமாகச் சம்பாதித்தது கணவனின் வாரிசுகளுக்கே. அதற்கு முந்தைய வருஷமே, சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு இந்த வரிசையை மாற்றச் சொல்லி இந்தியச் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையைக் கொடுத்திருந்தது. அந்தத் திருத்தம் வரவில்லை.

கதையைக் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா பாவம்" என்றார். எந்த அம்மாவைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "அக்காவுக்கு என்னவெல்லாம் இருந்துச்சு, ஒவ்வொண்ணும் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன். என்ன இருந்தது என்பதைவிட எப்படி வந்தது என்பதுதான் இந்த வேலையில் முக்கியம். எங்கே இருக்கிறது என்பது அடுத்தது.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஊரில் அப்பா கட்டின வீடு. அப்பா 2015இல் உயில் இல்லாமல் இறந்ததால் அம்மா, அக்கா, தம்பி, தங்கை நாலு பேருக்கும் கால் கால் பங்கு. கல்யாணத்துக்கு அப்பா போட்ட நாற்பத்திரண்டு பவுன் நகை. பாளையங்கோட்டையில் அக்கா தன் சம்பளத்தில் வாங்கிய ஐந்து சென்ட் மனை. என்.ஆர்.ஈ. டெபாசிட் முப்பது லட்சம் ரூபாய், அதற்கு நாமினி அம்மா. இங்கே துபாயில் சம்பளக் கணக்கு, அப்புறம் கம்பெனி கொடுக்க வேண்டிய சர்வீஸ் பணம்.

வீட்டில் அவளுக்கு இருந்த கால் பங்கு மட்டும் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். 15ஆவது பிரிவுக்கு இரண்டாவது உட்பிரிவு ஒன்று உண்டு: தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வாரிசாக வந்த சொத்து, பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாத பட்சத்தில் தந்தையின் வாரிசுகளுக்கே போகும். கணவன் உயிரோடு இருந்தாலும் அதில் அவனுக்குப் பங்கில்லை. அந்தக் கால் பங்கை அம்மா, தம்பி, தங்கை மூன்று பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

"அப்போ நகையும் எங்களுக்குத்தானே, அப்பா போட்டதுதானே?" என்றார்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சட்டம் சொல்வது 'வாரிசாக வந்தது'. அதாவது அப்பா இறந்ததால் பிள்ளைக்கு இறங்கியது. உயிரோடு இருக்கும்போது அவர் கையால் கொடுத்தது தானம். கல்யாணத்தில் போட்ட நகை, செட்டில்மென்ட் பத்திரம் போட்டுக் கொடுத்த மனை, பாங்கில் போட்டுக் கொடுத்த பணம் எல்லாம் தானம். பல உயர் நீதிமன்றங்கள் இப்படித்தான் பொருள் கொண்டிருக்கின்றன. தானமாக வந்ததும் அவளுடைய முழுச் சொந்தம் ஆகிவிடுகிறது. முழுச் சொந்தம் ஆனதாலேயே அது முதல் உட்பிரிவுக்குள் போய், கணவன் பக்கம் நகர்கிறது. ஒரே அப்பா, ஒரே மகள். வீட்டை எழுதிக் கொடுக்காமல் செத்துப்போனதால் அது பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது. நகையை ஆசையாகக் கையில் கொடுத்ததால் அது சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கே இது வாயில் கசக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் இந்தக் கேஸில் பொருந்தாது. வரதட்சிணை தடைச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இயற்கையல்லாத காரணத்தால் இறந்து, அவளுக்குப் பிள்ளையும் இல்லையென்றால், வரதட்சிணையாகக் கொடுத்ததைப் பெற்றவர்களிடம் திருப்பித் தர வேண்டும். நம் நர்ஸ் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, தூக்கத்தில் இறந்தவள்.

டெபாசிட்டைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, நாமினி அம்மா என்பதால். பாங்கு பணத்தை நாமினியிடம் கொடுத்துவிடும், அது உண்மைதான். மரணச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் பாங்குக்குத் தன் பொறுப்பு தீர்ந்தால் போதும் என்பதற்காக ஏற்படுத்திய வசதி அது. பணத்தை வாங்கும் நாமினி வாரிசுகளுக்காகக் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். உண்மையான வாரிசு கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். டெபாசிட் ரசீதில் அம்மா பெயரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பெண்கள் எத்தனை பேரை இந்த மேசையில் பார்த்திருக்கிறேன்!

இனி துபாய்ப் பணம். கம்பெனி கொடுத்த சர்வீஸ் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் மாதம் 4,000 திர்ஹம். பதினொரு வருஷ வேலை. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். 105 நாளும் 180 நாளும் சேர்ந்து 285 நாள். 4,000ஐ 30ஆல் வகுத்து 285ஆல் பெருக்கினால் 38,000 திர்ஹம். தாளிலும் 38,000. சம்பளக் கணக்கில் கிரெடிட் கார்டு பாக்கி கழித்து 62,000. மொத்தம் ஒரு லட்சம் திர்ஹம்.

தொழிலாளி இறந்தால் சம்பளப் பாக்கியும் சர்வீஸ் பணமும் பத்து நாளுக்குள் குடும்பத்திடம் போக வேண்டும் என்கிறது அமீரகத் தொழிலாளர் சட்டம். நடப்பில், குடும்பம் என்றால் யார் என்று கம்பெனி முடிவு செய்யத் துணியாது. "கோர்ட் பேப்பர் கொண்டு வா" என்பார்கள். பாங்கு இன்னும் கறார். இறப்பு தெரிந்த நிமிஷம் கணக்கை முடக்கிவிடும், ஜாயின்ட் கணக்காக இருந்தாலும் இறந்தவர் பங்கைப் பிடித்துவைக்கும். ஊரில் இருப்பது போல நாமினியிடம் தூக்கிக் கொடுக்கிற வழக்கம் இங்கே கிடையாது. எல்லாம் நீதிமன்றத்தின் வாரிசு நிர்ணய ஆணை வழியாகத்தான்.

அந்த ஆணையில் யார் பெயர் வரும்? 2023 பிப்ரவரிக்கு முன்னால் இதே ஆள் வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவருக்குச் சொந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்கும் உரிமை அப்போதும் உண்டு. ஆனால் கேட்காமலோ நிரூபிக்காமலோ விட்டால் ஷரியா பங்கீட்டில் போய் நிற்கும். ஆளுக்கொரு பயம், ஆளுக்கொரு வதந்தி. 2023 பிப்ரவரி 1 அன்று, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான கூட்டாட்சிச் சிவில் குடும்பச் சட்டம் அமலுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் எண் ஆணைச் சட்டம். அபுதாபி இதைப் போன்ற ஒன்றை 2021லேயே கொண்டு வந்துவிட்டது. உயில் இல்லாவிட்டால் என்ன என்று அதில் தனியாக எழுதியிருக்கிறது. வாழ்க்கைத்துணைக்குப் பாதி. மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லை. பிள்ளைகள் இல்லையென்றால் பெற்றோருக்கு. பெற்றோரில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவருக்குப் பாதி, மறு பாதி உடன்பிறந்தவர்களுக்கு. கணவன், பிள்ளை உள்ள பெண்ணுக்கே இது வித்தியாசப்படும். கணவனும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் ஊரில் ஆளுக்கு மூன்றில் ஒன்று, இங்கே கணவனுக்குப் பாதி, பிள்ளைகளுக்குக் கால் கால்.

நம் நர்ஸுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, அப்பா இல்லை. இந்தச் சட்டப்படி அம்மாவுக்கு 50,000 திர்ஹம். தம்பிக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 25,000. மாமியார் என்ற உறவே அந்த வரிசையில் கிடையாது.

தம்பியின் முகம் தெளிந்தது. தெளிவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அதே சட்டத்தில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது: வாரிசுகளில் எவராவது, இறந்தவருக்குரிய சொந்த நாட்டுச் சட்டத்தைப் பயன்படுத்தும்படி கேட்கலாம், பதிவு செய்த உயில் ஒன்று வேறு மாதிரிச் சொல்லாத வரையில். யாராவது ஒருவர் இந்தியச் சட்டம் வேண்டும் என்று கேட்டு, நீதிமன்றமும் ஏற்றால், அம்மாவுடைய 50,000உம் போய்விடும். மாமியார் 'வாரிசு' என்ற சொல்லுக்குள் வருவாரா? இந்தியச் சட்டப்படி அவர் மட்டும்தான் வாரிசு. அமீரகச் சட்டப்படி வாரிசே இல்லை. எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது என்பதிலேயே வாதம் தொடங்கிவிடும். அதை வக்கீல்தான் பேச வேண்டும், நான் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு என் மேசைக்கு வந்தது. மேலே இருந்த காகிதத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இன்னொரு வாரிசுச் சான்றிதழ். அதே நர்ஸ், அதே இறந்த தேதி. தாலுகா வேறு. முதல் சான்றிதழ் பிறந்த ஊரில் வாங்கியது, அதில் அம்மா, தம்பி, தங்கை. இது புகுந்த ஊரில் வாங்கியது, அதில் ஒரே பெயர். கணவனின் தாய்.

இப்படி நடப்பதில் ஆச்சரியமில்லை. வாரிசுச் சான்றிதழ் என்பது, கேட்டவர் சொன்னதை வைத்து வி.ஏ.ஓ. விசாரித்து, தாசில்தார் கையெழுத்துப் போடுகிற உறவுப் பட்டியல். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது தீர்மானிப்பதில்லை. வங்கிப் பணம், கடன் பத்திரங்களுக்கு நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேறு. பெயர் ஒன்று போலிருப்பதால் ஜனங்கள் இரண்டையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது கணவன் பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்று போட்டிருக்கிறதா, மாமனார் மாமியார் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்பதை. கல்யாணமான பெண்ணின் சான்றிதழில் கணவன் பக்கமே காணோம் என்றால், எங்கோ இன்னொரு சான்றிதழ் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்று அர்த்தம்.

அதே கட்டுக்குள் மாமியாரின் பிரமாணப் பத்திரமும் இருந்தது. கொழுந்தன் பெயரில் பவர். பத்திரத்தின் தமிழ் மூலத்தில், "இறந்துபோன மேற்படியாருக்கு நான் அத்தை முறை ஆவேன்" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் யாரோ இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் அதை அப்பாவின் சகோதரி என்று போட்டிருந்தார். அந்த இங்கிலீஷைப் பார்த்துத்தான் வெளியுறவுத் துறை முத்திரையும் அமீரகத் தூதரக முத்திரையும் விழுந்திருந்தன. அதை அப்படியே அரபியாக்கினால் 'அம்மா' என்று வரும். அரபியில் 'அம்மா' என்றால் தகப்பனின் கூடப்பிறந்தவள். மாமியாருக்கு 'ஹமாத்' என்று வேறு சொல் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஆள் அரபி எழுத்தில் 'அம்மா' என்று வாசித்தால் பெற்ற தாய் என்றே நினைப்பான். ஒரு பாட்டி, மூன்று பாஷையில் மூன்று உறவாகிவிட்டாள்.

சிரிப்பு வந்தாலும் விஷயம் சின்னதில்லை. அப்பாவின் சகோதரி என்றால் அவள் தந்தையின் வாரிசு வரிசையில் தூரத்தில் எங்கோ நிற்பவள், தந்தையின் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது ஒன்றும் கிடைக்காது. கணவனின் தாய் என்றால் எல்லாமே அவளுக்கு. அந்த ஒரு சொல்லில் ஒரு லட்சம் திர்ஹம் தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் முதலில் வந்தவர் தம்பி. பேசாமல் மொழிபெயர்க்க அனுப்பியிருந்தால் அவருக்கு லாபம்தான். எதிர்த்தரப்பு வக்கீலின் கிளார்க்கைக் கூப்பிட்டு, இது தப்பு, ஊரிலிருந்து திருத்தி மறுபடி முத்திரை வாங்கி வரட்டும் என்று சொன்னேன். திருத்தி வர இரண்டு மாதம் ஆயிற்று. தம்பி என் மீது கோபமாக இருந்தார். நியாயமான கோபம்தான்.

அந்த இரண்டு மாதத்தில் ஊரில் வேறு காரியங்கள் நடந்தன. அம்மா நாமினியாக டெபாசிட்டை எடுத்தார். அடுத்த வாரம் கொழுந்தன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், முப்பது லட்சத்தையும் நகைகளையும் ஒப்படைக்கச் சொல்லி. மனைக்குப் பட்டா மாற்ற மனுவும் போட்டிருந்தார். சட்டத்தில் அவர் பக்கம் பலம் என்று தம்பியின் ஊர் வக்கீலே சொல்லிவிட்டார். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனால் பிரிவே செல்லாது என்று வாதாடலாமே என்று தம்பி கேட்டிருக்கிறார். அதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் 2012லேயே இந்த 15(1) பாரபட்சமானது என்று சொல்லியிருக்கிறார். பிரிவை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்கும் போயின. ஆனால் பிரிவு உயிரோடு இருக்கிறது. 2025 நவம்பரில் அப்படி ஒரு மனு வந்தபோது நீதிபதிகள் நாகரத்னாவும் மகாதேவனும், பெண்கள், முக்கியமாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பெற்றோருக்கும் கணவனின் வாரிசுகளுக்கும் இடையே இப்படித் தகராறு வந்தால் வழக்குப் போடுவதற்கு முன் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இந்தக் குடும்பம் அதற்கு முன்னாலேயே சமரசத்துக்குப் போய்விட்டது. காரணம் சட்டம் இல்லை, அந்த மாமியார். திருத்திய பத்திரத்துக்காக நான் வாட்ஸ்அப்பில் பேசியபோது கொழுந்தன் போனை அவரிடம் கொடுத்தார். உறவை அவர் வாயாலேயே ஒரு தடவை கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும், ஆத்தா?"

"எம் மருமவ அய்யா அவ. எம் புள்ள போனப்பறம் மாசாமாசம் எனக்கு மாத்திரைக்குக் காசு அனுப்புவா. இவனுவளுக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்ற கொழுந்தன் பேசவில்லை. ஒரு போன் கூடப் பேசாதவர் என்று தம்பி சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் அந்தப் பெண் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறாள். வெஸ்டர்ன் யூனியன் ரசீதுகள் அவள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ரூமிலிருந்து பெட்டியைக் காலி செய்தபோது தம்பி அவற்றைக் குப்பை என்று ஒதுக்கியிருக்கிறார்.

கடைசியில் எழுதிக்கொண்டது இப்படி. துபாயில் இந்தியச் சட்டத்தைக் கேட்டுப் போட்ட மனுவை மாமியார் தரப்பு திரும்பப் பெற்றது. ஒரு லட்சம் திர்ஹமும் அமீரகச் சட்டப்படி அம்மா, தம்பி, தங்கைக்கு வந்தது. ஊரில் டெபாசிட் ஆளுக்குப் பாதி, பதினைந்து லட்சம். ஐந்து சென்ட் மனை மாமியாருக்கு. நகை அம்மாவுக்கு. சட்டம் சொன்ன பங்கீடு இது இல்லை. சட்டப்படி இங்கிருக்கும் பணமும் ஊரில் இருக்கும் பணமும் ஒரே பெண்ணுடையதாக இருந்தும் வேறு வேறு வீட்டுக்குப் போகத்தான் பார்த்தன. நடுவில் இரண்டு கிழவிகள் கையெழுத்துப் போட்டு நிறுத்தினார்கள். அதில் ஒன்று கைநாட்டு.

அதற்குப் பிறகு என்னிடம் வேறு வேலையாக வரும் நர்ஸ்களிடம், விசா புதுப்பிக்க வந்தால்கூட, கேட்டுவிடுகிறேன்: உயில் இருக்கா? பெரும்பாலும் சிரிப்பார்கள். சொத்தே இல்ல அண்ணா என்பார்கள். சர்வீஸ் பணமும் டெபாசிட்டும் நகையும் சொத்துதான் என்று சொல்வேன். ஊர்ச் சொத்துக்கு உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சி போடுகிறவர் அந்த உயிலில் பங்கு வாங்குகிறவராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் பின்னால் பேச்சு வராது. இங்கிருக்கும் பணத்துக்கு இங்கே பதிவு செய்வதுதான் நல்லது. துபாயில் டி.ஐ.எஃப்.சி. உயில் மையம் 2015இலிருந்து இருக்கிறது, ஆனால் நர்ஸ் சம்பளத்துக்கு அதன் கட்டணம் பாரம். அபுதாபி நீதித்துறையில் பதிவுக் கட்டணம் 950 திர்ஹம் என்று இருந்தபோது பலரை அங்கே அனுப்பியிருக்கிறேன். யாருக்கு எழுதுவது என்று மட்டும் நான் சொல்வதில்லை. ஒருத்தி மாமியாருக்கே முழுவதும் எழுதினாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது அந்த அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு, நகைப் பெட்டியை எடுத்து வந்து திறந்து காட்டினார். சரிபார்க்கிற ஆள் என்பதால் நானும் கண்ணால் எண்ணியிருக்க வேண்டும். ஆரம், நெக்லஸ், ஆறு வளையல், ஜிமிக்கி. பெட்டியின் சிவப்பு வெல்வெட்டில் ஒரு நீளமான பள்ளம் வெறுமையாக இருந்தது.

"அது தாலிச் செயின்" என்றார். "எங்க சம்பந்தி அத மட்டும் கேட்டாக. எம் மவன் கட்டினதுல்லா, நான் வச்சிக்கிடுதேன்னாக. குடுத்துட்டேன்."

மூடியைச் சாத்திவிட்டு, காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.